பத்தியின் கடைசி வரி

வணக்கம் ஐயா,

எங்கள் ஊரில் அப்பா நடத்திய சைக்கிள் கடையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி இணைத்திருக்கிறேன். மொத்தம் பதினோரு பத்தி. படித்த நண்பன், "எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா பத்தாம் வகுப்புக் கட்டுரை மாதிரி இருக்கு" என்கிறான். எனக்கும் திரும்பப் படிக்கும்போது ஒரே தாளம் கேட்கிறது. ஒரு பத்திக்கு எத்தனை வரி இருக்கலாம்? ஒற்றை வரிப் பத்தி எழுதலாமா? மேற்கோளோடு ஆரம்பித்தால் நன்றாக இருக்குமா?

க.

அன்புள்ள க.,

மேற்கோள் வேண்டாம். வரிக்கணக்கு என்று ஒன்று கிடையாது, அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் கட்டுரையை நேற்று இரவு இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பத்தியின் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் அடிக்கோடு போட்டேன். முதல் வரிகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள்: அப்பா பொறுமைசாலி. அப்பா கணக்கில் கறாரானவர். அப்பா நேரம் தவறாதவர். அப்பா தொழிலை நேசித்தவர். பதினொன்றில் ஒன்பது இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. கடைசி வரிகளில் ஏழு 'இவ்வாறு' என்றோ 'இப்படியாக' என்றோ தொடங்குகின்றன. இது உங்கள் அப்பா இல்லை, நன்னடத்தைச் சான்றிதழ். இவ்வளவு நல்ல விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் இப்படி எழுதுவதைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று குறிப்புச்சட்டகத்தைக் கையில் கொடுத்துத்தான் நம் எல்லோரையும் எழுதப் பழக்கினார்கள். அறுபது விடைத்தாளை ஒரே இரவில் திருத்தும் ஆசிரியருக்கு அது வசதி. பத்தியின் முதல் வாக்கியமே பொருளைச் சொல்லிவிட வேண்டும் என்ற விதியும் நம் ஊரில் பிறந்ததில்லை. 1866இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் அலெக்சாண்டர் பெய்ன் என்ற பேராசிரியர் தன் பாடநூலில் எழுதியது அது. அவரேகூட, முதல் வாக்கியம் வெறும் முன்னேற்பாடாகவும் இருக்கலாம் என்று ஒரு விலக்கு கொடுத்திருந்தார். வகுப்பறைக்கு வந்து சேர்ந்தபோது விலக்கு உதிர்ந்துவிட்டது, விதி மட்டும் தங்கியது. 1974இல் ரிச்சர்ட் பிராடக் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதித்தார். அங்குள்ள நல்ல பத்திரிகைகளில் வந்த 25 கட்டுரைகளை எடுத்துப் பத்தி பத்தியாக எண்ணிப் பார்த்தார். பொருளைச் சொல்லும் வாக்கியத்தோடு ஆரம்பித்தவை நூற்றுக்குப் பதின்மூன்று அளவில்தான் இருந்தன.

சரி, உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். மூன்றாம் பத்தி இது:

"அப்பா மிகவும் பொறுமைசாலி, இரக்க குணம் கொண்டவர். ஒருநாள் பள்ளிக்குப் போகிற அவசரத்தில் ஒரு பையன் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். டியூபைத் தண்ணீரில் முக்கியபோது மூன்று இடத்தில் குமிழி வந்தது. மூன்றையும் ஒட்டிவிட்டு ஒன்றுக்கு மட்டும் காசு வாங்கினார். இவ்வாறு அப்பா பொறுமைக்கும் இரக்கத்துக்கும் எடுத்துக்காட்டாகத் திகழ்ந்தார்."

அடுத்த பத்தி:

"அப்பா கணக்கில் கறாரானவர். கடன் சொல்லிப் போகிறவர்கள் பேரைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பார். எட்டணா பாக்கி வைத்த மாமாவைக்கூட விட்டதில்லை. இப்படியாகக் கணக்கில் அவர் என்றும் சரியாக இருந்தார்."

இந்த இரண்டு பத்தியையும் எழுதிய உங்களுக்கு ஒரு கேள்வி எழவே இல்லையா? யாரென்றே தெரியாத பையனுக்கு இரண்டு பஞ்சரை விட்டுக்கொடுத்தவர், சொந்த மச்சானிடம் எட்டணாவை விடவில்லை. இங்கேதான் உங்கள் அப்பா இருக்கிறார்! ஆனால் மூன்றாம் பத்தியின் கடைசி வரி கதவை இழுத்துச் சாத்திவிட்டது, நான்காம் பத்தியின் முதல் வரி வேறொரு அறையைத் திறந்துவிட்டது. பையனும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. ஒரே தாளமாகக் கேட்பது சின்னக் குறை. இதில் பெரிய கேடு, ஒரு பத்தியில் இருப்பது அடுத்த பத்தியில் இருப்பதோடு மோத முடியாமல் போவதுதான். எழுதுகிறவரே யோசிக்காமல் தப்பித்துக்கொள்ள அந்த 'இவ்வாறு' வழிவிடுகிறது.

முதல் வரியையும் கடைசி வரியையும் அடித்துவிட்டு இப்படி வைத்துப் பாருங்கள்:

"டியூபைத் தண்ணீரில் முக்கியதும் மூன்று இடத்தில் குமிழி வந்தது. பையன் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றான், பள்ளிக்கு மணி அடித்திருக்கும். அப்பா மூன்றையும் ஒட்டினார். ஒன்றுக்குத்தான் காசு வாங்கினார்.

அன்று சாயங்காலம் மாமா வந்தபோது சுவரைக் காட்டினார். சாக்பீஸில் எட்டணா."

பையன் தெருவைப் பார்த்தது நான் போட்டது. நீங்கள் அங்கே இருந்தவர், உண்மையில் என்ன பார்த்தீர்களோ அதைப் போடுங்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்கவில்லை என்றால் 'அன்று சாயங்காலம்' என்பதையும் எடுத்துவிட வேண்டும், ஓட்டத்துக்காகப் பொய் சொல்லக் கூடாது. 'காசு வாங்கினார்' என்பதிலிருந்து 'எட்டணா'வுக்குத் தாண்டப் பாலம் எதுவும் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? காசே பாலம். கடைசி வரிகளை அடித்த பிறகு கட்டுரை துண்டு துண்டாகத் தொங்கினால், பத்திகளுக்கு நடுவே இப்படிக் கைமாறும் பொருள் எதுவும் இல்லை என்று அர்த்தம். அப்போது இணைப்புச் சொல்லைத் தேடாதீர்கள். பத்திகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது இருபத்துநான்கு வயதில். ஒரு சிறுபத்திரிகைக்கு எங்கள் ஆச்சியின் கடைசி நாட்களைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தேன். அதன் ஆசிரியர் எல்லாப் பத்திகளையும் ஒட்டி, நடுவில் ஓர் இடைவெளிகூட இல்லாமல் தன் கையால் ஏழு பக்கம் திரும்ப எழுதி அனுப்பினார். ஓரத்தில் ஒரே குறிப்பு: "எங்கே மூச்சு முட்டுதோ அங்கே உடைங்க." ஓலைச்சுவடியில் பத்தி ஏது, புள்ளிகூட இல்லாமல்தானே எழுதினார்கள், ஆனாலும் வாசித்தவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அந்த ஏழு பக்கத்தையும் சத்தம் போட்டுப் படித்தேன். நான் முன்பு உடைத்திருந்த ஓர் இடத்திலும் மூச்சு முட்டவில்லை. ஆச்சி தண்ணீர் கேட்டதற்கும் நான் செம்பைத் தேடிப் போனதற்கும் நடுவில் முட்டியது. அங்கே உடைத்தேன். ஒரு நிகழ்ச்சி பாதியில் இருக்கும்போது பத்தியை முடிக்கலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

நீங்களும் அதைச் செய்யுங்கள். பத்தி இடைவெளி அத்தனையையும் நீக்கிவிட்டு, இரண்டு நாள் கழித்து வாய்விட்டுப் படித்துப் புதிதாக உடையுங்கள். ஒரு பத்தி ஒன்றரைப் பக்கம் போனால் போகட்டும். ஒற்றை வரிப் பத்தி கட்டுரைக்கு ஒன்று போதும், இரண்டு என்றால் யோசித்து. இப்போது பலர் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனிப் பத்தியாக எழுதுகிறார்கள், அதுவும் ஒரே தாளம்தான், இன்னும் அவசரமான தாளம்.

அலுவலகக் குறிப்போ, முதல் வரிகளை மட்டும் மேய்ந்து முடிவெடுக்கிறவர்களுக்கான அறிக்கையோ எழுதும்போது பழைய முறையே இருக்கட்டும், அங்கே அது நியாயம். அப்பாவைப் பற்றி எழுதும்போது வேண்டாம்.

அப்புறம், எட்டாம் பத்தியில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள்: கடையை மூடிய பிறகும் அந்தத் தண்ணீர்த் தொட்டியில் அப்பா தினமும் தண்ணீர் மாற்றினார் என்று. அதற்கு அடுத்து 'இதிலிருந்து அவரது தொழில்பற்று விளங்குகிறது' என்று இருக்கிறது. அதை மட்டும் இப்போதே அடித்துவிடுங்கள். எத்தனை நாள் மாற்றினார், எதில் மொண்டு ஊற்றினார், நீங்கள் ஒருநாளாவது ஏன் என்று கேட்டீர்களா? எழுதி அனுப்புங்கள்.