கோட்டை: உருவகமா, ஆகுபெயரா?

பேச்சில் வருவது ஆகுபெயரா உருவகமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘இந்தத் தொகுதி எங்கள் கட்சியின் கோட்டை.’ ‘கோட்டை இன்னும் உத்தரவு போடவில்லை.’

முதலாவதில் ‘போல’ சேருங்கள்: தொகுதி கோட்டை போல உறுதியானது. பொருள் கெடவில்லை, அதனால் உருவகம். இரண்டாவதில் ‘கோட்டை போன்ற அரசு’ என்றால் பொருளே மாறிவிடுகிறது. அரசு கோட்டையை ஒத்திருக்கவில்லை. தலைமைச் செயலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். இடத்தின் பெயர் அங்கிருப்பவருக்கு ஆகி வந்தது, இடவாகுபெயர்.

சரி, ‘அப்பா கொதித்துப்போனார்’ என்பது? ‘போல’ பொருந்துகிறது, எனவே உருவகம். ஆனால் கோபத்தில் உடம்பு உண்மையிலேயே சூடாகிறதே! அந்த உருவகத்துக்கு அடியில் ஆகுபெயருக்குரிய தொடர்பும் இருக்கிறது. இங்கே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க நான் முயல மாட்டேன்.