பன்னிரண்டு மாதச் சம்பளமும் ஒன்பது மாத ஃபீஸும்

"அக்கா, நான் எம்.எஸ்சி., பி.எட்., கணக்கு. பாளையங்கோட்டையில் ஒரு கோச்சிங் சென்டரில் நான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன். மதியம் 1 மணியிலிருந்து இரவு 9 வரை, மாதம் 26 நாள். சம்பளம் 24,000. எங்கள் தெருப் பக்கம் 14 பிள்ளைகள் 'வீட்டிலேயே எடுங்க மிஸ்' என்கிறார்கள். வரும் ஜூனில் 11 பேர் பிளஸ் டூ, 3 பேர் பத்தாவது. நாலு பேர் எங்கள் சென்டரிலேயே படிப்பவர்கள். ஆளுக்கு மாதம் 1,500 தருவார்களாம். 21,000 வருகிறது, வேலை நேரமோ பாதிதான். ஜனவரியில் விட்டுவிடலாமா? விலகினால் 2 வருஷம் டியூஷன் எடுக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பி.எட். ஒரிஜினலும் அவர்களிடம் இருக்கிறது."
– ஒரு வாசகி

ஜனவரியில் விடாதீர்கள் தங்கச்சி. ஏப்ரல் மாதச் சம்பளத்தை வாங்கிய பிறகு விடலாம், அப்போதும் முழுதாக விட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நான் சென்டர் வேலையை விட்டு வீட்டில் வகுப்பு ஆரம்பித்த முதல் வருஷம். பிப்ரவரி இரண்டாவது வாரம், சாயங்காலம் ஒரு பையனின் அம்மா அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். "பிராக்டிகல் முடிஞ்சிருச்சு மிஸ். ஸ்கூல்லயும் ஆறரை வரைக்கும் உக்கார வைக்கிறாங்க. இனி வீட்லயே பார்த்துக்கிறேங்கிறான்" என்றார். பிப்ரவரி ஃபீஸைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். யார் மேலும் தப்பில்லை. திருப்புதல் தேர்வும் ஸ்பெஷல் கிளாஸும் ஆரம்பித்துவிட்டால் பிள்ளைக்கு நம் வீட்டுக்கு வர நேரம் இருக்காது. மார்ச்சில் பரீட்சை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் என் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள்கூட நிற்கவில்லை.

அதனால் மாதக் கணக்கை விட்டுவிட்டு வருஷக் கணக்காகப் பாருங்கள். சென்டரில் 12 மாதத்துக்கு 2,88,000. வீட்டில் ஜூனிலிருந்து பிப்ரவரி வரை 9 மாதம் என்று வைத்தாலும் 14 பேருக்கு 1,89,000. அதிலும் நடுவில் நிற்கிற பிள்ளை, 'அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்' என்று சொல்லும் வீடு, அண்ணன் தம்பி சேர்ந்து வந்தால் கேட்கிற தள்ளுபடி என்று பத்தில் ஒரு பங்கு போய்விடும். மீதி 1,70,000. போர்டு, பெஞ்ச், ஜெராக்ஸ், கரண்ட் என்று முதல் வருஷம் 15,000 ஆகும். கையில் நிற்பது 1,55,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 13,000கூட வராது. உங்களுக்கு 3,000 ரூபாய் வித்தியாசமாகத் தெரிந்தது உண்மையில் 11,000.

நேரத்தைப் பற்றி நீங்கள் நினைத்தது சரிதான். சென்டரில் மாதம் 208 மணி நேரம் உழைத்து 24,000 வாங்குகிறீர்கள், மணிக்கு 115 ரூபாய். வீட்டில் இரண்டு பேட்ச், வாரம் நாலு நாள், ஒன்றரை மணி நேரம் என்றால் மாதம் 50 மணி நேரம். தாள் திருத்த, கேள்வித்தாள் தயாரிக்க இன்னும் 25. வகுப்பு நடக்கிற மாதத்தில் மணிக்கு 280 ரூபாய் கிடைக்கிறது. ஆக உங்கள் உழைப்புக்கு வீட்டில்தான் மதிப்பு அதிகம். குறை ஆள் எண்ணிக்கையிலும் ஃபீஸ் வாங்குகிற முறையிலும் இருக்கிறது. இதே மாதிரி மாதாமாதம் வாங்கி 2,88,000 தொட வேண்டுமானால் 25 பிள்ளைகள் வேண்டும்.

முறையை மாற்றினால் அந்த எண்ணிக்கை இறங்கும். மாதம் 1,500 என்று சொல்லாதீர்கள். வருஷத்துக்கு 15,000, மூன்று தவணை என்று சொல்லுங்கள். ஜூனில் 6,000, செப்டம்பரில் 5,000, டிசம்பரில் 4,000. பெற்றோருக்கு இது புதிதில்லை, பள்ளிக்கூடத்தில் டேர்ம் ஃபீஸ் கட்டிப் பழகியவர்கள்தான். பிப்ரவரியில் பிள்ளை நின்றாலும் உங்கள் பணம் டிசம்பரிலேயே வந்திருக்கும். முதல் தவணையைப் பெரிதாக வைப்பதற்குக் காரணம், ஜூனில் சேர்ந்து ஆகஸ்டில் வேறு இடம் பார்க்கிற பிள்ளைகள் எல்லா வருஷமும் இரண்டு பேராவது இருப்பார்கள். 15,000 என்று கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் வருஷம் முழுக்க அதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

அடுத்து நிரந்தரம். நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தப் 11 என்ற எண்தான். 14 பேரில் 11 பேர் பிளஸ் டூ. அடுத்த மார்ச்சில் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் போய்விடுவார்கள். மீதி 3 பேர் பத்தாவது. அவர்களில் எத்தனை பேர் மேலே தொடர்வார்கள்? ஒருத்தி காமர்ஸ் எடுப்பாள், ஒருவனை ஹாஸ்டல் பள்ளியில் சேர்ப்பார்கள். பத்தாவது முடித்த பிள்ளைகளில் பாதியை மட்டுமே எண்ணிக்கொள்ளுங்கள். அப்படியானால் இரண்டாம் வருஷ ஜூனில் ஒன்றிரண்டு பேரோடு நிற்பீர்கள். முதல் வருஷம் நன்றாகப் போனவர்கள்கூட இரண்டாம் வருஷம் திரும்ப வேலை தேடிப் போவதற்கு இதுதான் காரணம். நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டு வகுப்பைத் தாங்கிப் பிடிப்பது பிளஸ் ஒன் பிள்ளைகள். பிளஸ் ஒன்னில் வந்து பிடித்துப்போனவர்கள் பிளஸ் டூவில் வேறு இடம் தேடுவது அபூர்வம். ஆனால் 2025-26லிருந்து பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்பதால், 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று பெற்றோர் தள்ளிப்போடப் பார்ப்பார்கள். அவர்களிடம் இரண்டு பாடப் புத்தகங்களையும் எடுத்துக் காட்டுங்கள். வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் ஆரம்பிப்பது பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில். பிளஸ் டூவில் வருவது அவற்றின் பயன்பாடு. முதலாவது தெரியாமல் இரண்டாவதில் ஒரு கணக்கும் நகராது. பொறியியல் கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு மட்டும் 100 என்பது அவர்களுக்கே தெரியும். இந்த இரண்டையும் மேஜை மேல் வைத்துப் பேசினால் கேட்பார்கள். வரும் ஜூனுக்குள் ஐந்து பிளஸ் ஒன் பிள்ளைகளாவது சேர்ந்தால்தான் இது ஒரு தொழிலாக நிற்கும். அதற்குக் குறைந்தால் இன்னொரு வருஷம் சென்டரிலேயே இருங்கள் என்பதுதான் என் கருத்து.

சென்டர் வேலையும் அவ்வளவு நிரந்தரம் என்று சொல்ல முடியாது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ஏப்ரலில் 'சம்மர் பேட்ச் நிரம்பலை' என்று பாதிச் சம்பளம்தான் கொடுத்தார்கள். உங்களுக்கு நான்கு வருஷமும் ஏப்ரல், மே முழுச் சம்பளம் வந்ததா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். வந்திருந்தால் அது நல்ல இடம்.

சரி, யார் கையில் பிடி இருக்கிறது என்பதற்கு வருகிறேன். சென்டரில் கலப்பெண்கள் பாடத்துக்கு ஆறு வகுப்பு என்று அட்டவணை போட்டிருப்பார்கள். துருவ வடிவம் பாதிப் பிள்ளைகளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு எல்லா பேட்சுக்கும் பொது என்பதால் நீங்கள் அடுத்த பாடத்துக்குப் போயே ஆக வேண்டும். வீட்டில் இன்னும் இரண்டு நாள் அதிலேயே உட்காரலாம். எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. அதே சமயம், வீட்டில் உங்களுக்கு முதலாளி இல்லை என்று எண்ண வேண்டாம். 14 பிள்ளைகள் நாலு பள்ளியிலிருந்து வந்தால் நாலு பள்ளியிலும் நாலு பாடம் ஓடும். 'ஸ்கூல்ல அணி முடிச்சிட்டாங்க, நீங்க இன்னும் ஆரம்பிக்கலையா?' என்று போன் வரும். நீங்கள் நடத்தப்போகும் வரிசையை ஜூனிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். ஸ்டேட் போர்டு பிள்ளைகளோடு சி.பி.எஸ்.இ. பிள்ளையை ஒரே பேட்சில் உட்கார வைக்காதீர்கள். புத்தகம் வேறு, வரிசை வேறு. இரண்டு பக்கமும் குறைதான் வரும்.

இனி நான் சொல்ல வந்த நடுவழி. சென்டர்காரரிடம் ஜூனிலிருந்து சனி, ஞாயிறு மட்டும் வருகிறேன், மணிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம் என்று கேளுங்கள். வாரம் 6 மணி நேரம், மணிக்கு 300 என்று ஒத்துக்கொண்டால் மாதம் 7,200, வருஷம் 86,400. அவர்களுக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அடுத்த பிளஸ் டூ பேட்சுக்கு முன்கூட்டியே பாடம் எடுக்கிற வேலை இருக்கும். உங்கள் வீடு காலியாக இருக்கிற மாதங்களும் அவைதான். அப்போது மணி நேரத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். இந்தப் பணத்தோடு தவணை ஃபீஸும் சேர்ந்தால், 25 பேர் தேவைப்பட்ட இடத்தில் 15 பேர் போதும். பத்தாவது பிள்ளைகளுக்கு ஃபீஸ் கொஞ்சம் குறையும் என்பதால் 16 என்று வையுங்கள். உங்களைக் கேட்கிற 14 பேரில் சென்டரில் படிக்கிற நாலு பேரை விட்டுவிட்டாலும் இப்போதே 10 பேர் இருக்கிறார்கள். இதை இப்போதே கேளுங்கள். பொதுத்தேர்வு நெருங்குகிற நேரத்தில் கணக்கு டீச்சரை இழக்க எந்த சென்டரும் விரும்பாது. மே மாதம் கேட்டால் புது ஆளை எடுத்திருப்பார்கள்.

அந்த நாலு பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். நீங்கள் அங்கே சம்பளம் வாங்குகிற வரை அவர்களை வீட்டில் சேர்க்கக் கூடாது. வேலையில் இருக்கும்போது போட்டியாக நடத்தக் கூடாது என்ற நிபந்தனை உங்களைக் கட்டும். வார இறுதி வேலைக்கும் அது பொருந்தும் என்பதால், வீட்டில் வகுப்பு எடுப்பதற்குச் சம்மதம் என்று அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வேலையை விட்ட பிறகு 2 வருஷம் டியூஷனே எடுக்கக் கூடாது என்று எழுதியிருப்பது 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. அதற்குப் பயந்து நிற்க வேண்டியதில்லை. நோட்டீஸ் காலம், அதற்குப் பிடித்தம் என்று வேறு ஏதாவது எழுதியிருந்தால் அது வேறு விஷயம். அந்தத் தாளின் நகலை ஒரு வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பி.எட். ஒரிஜினலை மட்டும் இந்த வாரமே கேளுங்கள், வார இறுதிப் பேச்சை எடுப்பதற்கு முன்னால். சேரும்போது கொடுத்த சான்றிதழைத் திருப்பித் தரவும் என்று தேதி போட்டு இரண்டு பிரதி எழுதி, ஒன்றை அவர்களிடம் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். சான்றிதழ் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு மற்றதைப் பேசத் தொடங்குங்கள்.