தர்ஜமாவைக் கடைசிச் சொல்லிலிருந்து படியுங்கள்

அன்புள்ள ஐயா, அஸ்ஸலாமு அலைக்கும். மதரஸாவில் ஓதக் கற்றதால் அரபி எழுத்தைப் பார்த்து வாசிக்க முடியும். தொழுகையில் ஓதும் சின்ன சூராக்கள் மனப்பாடம். ஆனால் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. தர்ஜமாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தச் சொல்லுக்கு எது பொருள் என்று பிடிபடவே இல்லை. தமிழ் மட்டும் தெரிந்த நான் எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகி, மேலப்பாளையம்

வ அலைக்கும் ஸலாம், சகோதரி.

சூரத்துல் காஃபிரூனில் தொடங்குங்கள். அதன் ஆறு ஆயத்துகளில் ஒரே வேர்ச்சொல் எட்டு இடங்களில் வருகிறது. ஐன், பா, தால் என்ற மூன்று எழுத்துகள்தான் அந்த வேர்; வணங்குதல் என்பது அதன் பொருள். அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் என்ற பெயர்களில் இருப்பதும் இதே மூன்றுதான். குர்ஆனைத் திறந்து அந்த எட்டு இடங்களையும் பென்சிலால் கோடிடுங்கள். தமிழ் எழுத்தில் அச்சிட்ட சூராவில் இதைச் செய்ய முடியாது. அங்கே ஐன் சில இடங்களில் ஆய்த எழுத்தாகவும் சில இடங்களில் வெறும் அகரமாகவும் இருக்கும்.

தர்ஜமா பிடிபடாததற்குக் காரணம் வரிசை. இரண்டாவது ஆயத்தைப் பாருங்கள்: லா அஃபுது மா தஃபுதூன். தமிழில்: நீங்கள் வணங்குபவற்றை நான் வணங்கமாட்டேன். தமிழைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். மாட்டேன் என்பது லா. நான் வணங்க என்பது அஃபுது. ‘பவற்றை’ என்பது மா. நீங்கள் வணங்கு என்பது தஃபுதூன். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இரண்டும் அப்படியே எதிரெதிராக நிற்கின்றன.

ஒரே சொல்லுக்குள்ளும் இந்தத் திருப்பம் உண்டு. வணங்குகிறேன், வணங்குகிறோம் என்று யார் என்பதை நாம் சொல்லின் கடைசியில் வைக்கிறோம். நிகழ்கால வினையில் அரபி அதை முதலில் வைக்கிறது. அஃபுதுவில் முதலில் வரும் ‘அ’ நான். ஃபாத்திஹாவில் ‘இய்யாக நஃபுது’ என்று ஓதுகிறீர்களே, அந்த ‘ந’ நாங்கள். தஃபுதூன் என்பதில் முன்னே ‘த’ உங்களையும், பின்னே ‘ஊன்’ பலர் என்பதையும் காட்டுகிறது. குறைஷ் சூராவின் ‘ஃபல்யஃபுதூ’வில் ‘ய’ வந்தால் அவர்கள்: அவர்கள் வணங்கட்டும். இந்த நான்கு முன்னெழுத்துகளும் ஏற்கெனவே உங்கள் நாவில் இருப்பவை. சேர்த்து வைத்துப் பார்க்காததுதான் குறை.

மூன்றாவது ஆயத்து: வலா அன்தும் ஆபிதூன மா அஃபுத். நான் வணங்குவதை வணங்குபவர்கள் நீங்கள் அல்லர். அன்தும் நீங்கள், ஆபிதூன வணங்குபவர்கள். அஃபுத் வேறு சொல் அல்ல, முன்பு பார்த்த அஃபுதுதான். ஆயத்தின் முடிவில் நிறுத்துவதால் கடைசி உகரம் விழுந்துவிட்டது. ஐந்தாவது ஆயத்து இதே சொற்கள்தான்.

பெரும்பாலானோர் தடுமாறுவது நான்காவதில். எழுத்தில் ‘வலா அன ஆபிதுன் மா அபத்தும்’. காதில் விழுவது ‘ஆபிதும் மா’. தன்வீனின் நூன் அடுத்த மீமோடு கலந்துவிடுகிறது. ஆபிதுன் ஒருவர், ஆபிதூன பலர். ‘து’வை நீட்டினால் ஆள் தொகை மாறிவிடும், ஆகவே இந்த இடத்தில் குறில் நெடில் கவனம் தேவை. அடுத்தது அபத்தும். இதில் வேரின் தாலைத் தேடினால் காதுக்கு அகப்படாது, ஏனென்றால் அது பின்னால் வரும் தாவுக்குள் மறைகிறது. பல குர்ஆன் பிரதிகளில் தால் மேல் குறியே இருக்காது, தாவின் மேல் ஷத்து இருக்கும். கண்ணால் பார்த்தால் மூன்று எழுத்தும் இருக்கின்றன. ‘தும்’ கடைசியில் வந்தால் நீங்கள் செய்து முடித்தது என்று பொருள்: நீங்கள் வணங்கியவற்றை வணங்குபவன் நான் அல்லன்.

இது தெரிந்தால் தொழுகையில் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே வழி தவறுவது குறையும். இரண்டில் நான், மூன்றில் நீங்கள், நான்கில் நான், ஐந்தில் நீங்கள் என்று மாறி மாறி வருகிறது.

கடைசி ஆயத்தில் சொற்களின் வரிசை நம் வரிசையேதான். திருப்பம் சொல்லுக்குள் மட்டும். லகும்: ‘ல’ என்பது -க்கு, ‘கும்’ உங்கள், உங்களுக்கு. அலைக்கும் என்பதில் இருக்கும் அதே கும். தீனுகும் உங்கள் மார்க்கம், வலிய என்றால் எனக்கு. தீன் என்பதில் ‘என்’ எங்கே என்று கேட்பீர்கள். அது தீனீ; ஈற்று யா எழுதப்படவில்லை. நூனுக்குக் கீழே உள்ள கஸ்ரா அதன் அடையாளம், நிறுத்தி ஓதும்போது அதுவும் கேட்காது.

முதல் ஆயத்தின் ‘குல்’லை மட்டும் தனியாகப் பழகுங்கள். தொண்டையை ஒட்டிய காஃபில் சொன்னால் ‘சொல்வீராக’. நம் ககரத்தில் சொன்னால் ‘உண்பாயாக’ என்றாகிவிடும். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் நம்மவர்களிடம் இந்தப் பிழை சாதாரணமாகவே வருகிறது.

ஒரு நாளைக்கு ஓர் ஆயத்து போதும். தர்ஜமாவை மூடிவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டுப் பொருள் சொல்லிப் பாருங்கள். அடுத்து தப்பத் யதா சூராவுக்குப் போகலாம். அங்கே ‘மா அஃக்னா’வில் மாவுக்கு ‘இல்லை’ என்று பொருள், ‘வமா கஸப்’பில் அதே மாவுக்கு ‘எதை’ என்று பொருள். ‘மாலுஹூ’வில் உள்ளதோ மா அல்ல, மால், அதாவது செல்வம்.

வஸ்ஸலாம்.