வளையல் கையிலேயே இருக்கட்டும்

கோத்தகிரியிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். கேம்பிரிட்ஜ் பி1 பிரிலிமினரி என்ற ஆங்கிலத் தேர்வுக்கான மாதிரிப் பேச்சுத் தேர்வில், படத்தைப் பார்த்து இரண்டு வரி சொன்னதோடு மகள் நின்றுவிட்டாளாம். கோவையில் இருக்கும் மாமா, ஆறு மாதம் தங்கிப் படிக்கும் ஆங்கில வகுப்பில் சேர்த்து, அப்படியே என்ஜினீயரிங்குக்கு அனுப்பச் சொல்கிறார். அதற்கு வளையலை அடகு வைக்க வேண்டும்.

வேண்டாம் அம்மா. உங்கள் மகளுக்குப் பிடித்தது ஓட்டல் வரவேற்பில் நின்று விருந்தினரோடு பேசும் வேலை. அதை மாற்ற மாமாவுக்கு உரிமை இல்லை. அவள் தடுமாறியதும் ஒரே இடத்தில்தான்: ஒரு வண்ணப் படத்தைப் பற்றிச் சுமார் ஒரு நிமிடம் தனியாகப் பேசும் இரண்டாம் பகுதி. அதற்கு வீட்டுப் புகைப்படங்களே போதும்.

அவள் கைப்பேசியில் குன்னூர் ரயில் நிலையப் படம் ஒன்று இருந்தது. முதல் தடவை ரயில், குழந்தை, மலை, மறுபடி ரயில் என்று தாவினாள். சீக்கிரமே சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டாம் தடவை, இது எந்த இடம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, முன்புறம், இடப்புறம், வலப்புறம், பின்புறம் என்று விரலை நகர்த்தச் சொன்னேன். 'இன் த ஃபோர்கிரவுண்ட்' ஒரு பெண், குழந்தையின் கையைப் பிடித்திருக்கிறாள். 'ஆன் த ரைட்' ஒருவர் தேநீர் வாங்குகிறார். 'இன் த பேக்கிரவுண்ட்' மூடுபனி சூழ்ந்த மலை. அடுத்து எதைச் சொல்வது என்ற திகைப்பு போய்விட்டது.

பெஞ்சில் இருப்பவரை 'ஹி ஹேஸ் சாட்' என்றாள். தமிழில் 'உட்கார்ந்திருக்கிறார்' என்று நினைப்பதால் வரும் பிழை இது. ஆங்கிலத்தில் 'ஹி இஸ் சிட்டிங்' என்றே சொல்ல வேண்டும். ஆனால் 'ஷி இஸ் ஹேவிங் எ ரெட் பேக்' தவறு. பை வைத்திருப்பது நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல. 'ஷி ஹேஸ்' போதும்.

அவர்கள் விடுமுறைக்குப் போகிறார்கள் என்று அடித்துச் சொன்னாள். படம் அதைச் சொல்லவில்லையே! 'தே மைட் பி கோயிங் ஆன் ஹாலிடே, பிகாஸ் தே ஹேவ் பிக் பேக்ஸ்' என்று காரணத்தோடு ஊகித்தால் பேச்சும் நீளும். எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருப்பதால் 'இட் லுக்ஸ் கோல்ட்'. இங்கே 'லைக்' சேர்க்கக் கூடாது, 'கோல்ட்' போன்ற பெயரடைக்கு முன் அது வராது. டீக்கடை வெந்நீர்ப் பாத்திரத்துக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் நின்றாள். 'எ பிக் மெட்டல் பாட் ஃபார் ஹாட் வாட்டர்' என்று பயனைச் சொல்லிக் கடந்துவிடலாம்.

மனப்பாடக் கட்டுரை மட்டும் வேண்டாம். வேறு படம் வந்தால் அது பொருந்தாது.

தினம் ஒரு புதிய படம் எடுத்து, எதிரே உட்கார்ந்து நீங்கள் நேரம் பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அவள் விரல் எங்கே நகர்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முன்புறத்தை முடிக்காமல் மலைக்குத் தாவினால், நிறுத்தி முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.