பாதியில் வந்து சேர்பவருக்கு மெயில் சுருக்கம்

கேள்வி: நாற்பது மெயிலுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும் ஒரு விவாதத்தில் புதிதாக ஒருவரைச் சேர்க்கிறோம். அவருக்கு இதுவரை நடந்ததை எப்படிச் சுருக்கி எழுதுவது?

முதல் மெயிலில் ஆரம்பித்து வரிசையாகக் கதை சொல்லாதீர்கள். புதியவருக்கு முதலில் தெரியவேண்டியது, விஷயம் இன்று எங்கே நிற்கிறது, அதில் தனக்கு என்ன வேலை என்ற இரண்டும்தான். அவை முதல் மூன்று வரிக்குள் வந்துவிட வேண்டும்.

ஒரு உதாரணத்தை வைத்தே பார்ப்போம். ஆர்டர் விவரங்களைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றுவது பற்றி ஐந்து பேர் 46 மெயில் எழுதியிருக்கிறார்கள். 9-வது மெயிலில் 14-ஆம் தேதி இரவு மாற்றலாம் என்று முடிவாகிறது. 23-வதில், பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்த்தபோது பாதியில் நின்றுவிட்டதால், தேதி 21-க்குத் தள்ளிப்போகிறது. ஆனால் 31-வது மெயிலில் ஒருவர் பழைய 12-வது மெயிலைத் திறந்து அதற்கே பதில் போட்டு, "14-ஆம் தேதிக்கு நான் தயார்" என்கிறார். அவர் 23-ஐப் பார்க்கவே இல்லை. மேலோட்டமாகப் படிப்பவருக்கு, பிந்தி வந்த மெயிலில் இருப்பதால் 14-தான் இறுதி முடிவு என்று தோன்றும்.

நீளமான தொடரில் பெரும்பாலான குழப்பம் இப்படிக் கிளை பிரிவதால்தான் வருகிறது. அதனால் கடைசி மெயிலை மட்டும் திறந்து, அதன் அடியில் தொங்கும் பழைய மெயில்களைப் படித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அதில் ஒரு கிளைதான் இருக்கும். ஒவ்வொரு மெயிலையும் தனித்தனியாகத் திறந்து, அது எதற்கான பதில் என்று பாருங்கள். ஜிமெயிலில் இன்னொரு சிக்கல் உண்டு: யாராவது தலைப்பை மாற்றினாலோ, மெயில்கள் நூறைத் தாண்டினாலோ அது புதிய தொடராகப் பிரிந்துவிடும். பழைய தலைப்பைப் போட்டுத் தேடிவிடுவது நல்லது.

படிக்கும்போது எல்லாவற்றையும் குறிக்க வேண்டாம். முடிவு, அதைச் சொன்னவர், தேதி, இவை போதும். "பார்க்கிறேன்", "நல்ல யோசனை" என்பதெல்லாம் சம்மதம் ஆகாது. யாரும் பதில் சொல்லாத யோசனையை "முடிவானது" என்று எழுதிவிட்டால், புதியவர் அதை நம்பி வேலையைத் தொடங்கிவிடுவார். அதைத் "தீராதது" பகுதியில் போடுங்கள்.

கைவிட்ட யோசனைகளையும் காரணத்தோடு எழுதுங்கள். பலர் இதைத்தான் வெட்டிவிடுகிறார்கள். நம் உதாரணத்தில், இரண்டு கட்டமாக மாற்றலாம் என்ற யோசனை வந்து, இடைப்பட்ட நாட்களில் ஆர்டர்கள் இரண்டு சர்வரிலும் பதிவாகிக் கணக்கு ஒத்துப்போகாது என்பதால் கைவிடப்பட்டது. புதிதாக வருபவருக்கு முதலில் தோன்றப்போவதும் அதே யோசனைதான். காரணம் எழுதியிருந்தால் அந்த ஆறேழு மெயில் மறுபடி ஓடாது.

சுருக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"46-வது மெயில் வரை உள்ள நிலை. ஆர்டர் விவரங்களை 21-ஆம் தேதி இரவு புதிய சர்வருக்கு மாற்றுகிறோம். மாற்றியபின் பழைய, புதிய எண்ணிக்கைகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு.
முடிவானவை: தேதி 21 (மெயில் 23, 31-வதில் வரும் 14 செல்லாது). ஒரே கட்டமாக மாற்றம் (மெயில் 17).
கைவிட்டது: இரண்டு கட்ட மாற்றம், ஆர்டர்கள் இரு இடத்திலும் பதிவாகும் என்பதால்.
தீராதது: பழைய சர்வரை எத்தனை நாள் வைத்திருப்பது? கணக்குப் பிரிவு 18-க்குள் சொல்ல வேண்டும்.
படிக்க வேண்டியவை: 17, 23, 40."

வாசிப்பவருக்கு மெயில் எண் திரையில் தெரியாது என்பதால், உண்மையில் அனுப்பும்போது எண்ணுக்குப் பதில் அனுப்பியவர் பெயரும் தேதி நேரமும் கொடுங்கள். யார் கோபப்பட்டார், யார் தாமதித்தார் என்பதெல்லாம் வேண்டாம். எழுத்தில் போனால் ஒருநாள் அவர் கண்ணிலும் படும்.

இதைப் புதியவருக்கு மட்டும் அனுப்பாமல் ரிப்ளை ஆல் போட்டு, "தப்பிருந்தால் நாளை மாலைக்குள் திருத்துங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பதே என் பரிந்துரை. 14-க்குத் தயாராக இருந்தவருக்கும் அப்போதுதான் தேதி மாறியது தெரியவரும். ஆனால் புதியவர் பெயரைச் சேர்க்கும் முன், அடியில் தொங்கும் பழைய மெயில்களை ஒருமுறை உருட்டிப் பாருங்கள். சம்பளம், கடவுச்சொல், வாடிக்கையாளரைப் பற்றிய பேச்சு ஏதாவது இருந்தால், அந்தத் தொடரிலேயே சேர்க்காமல் புதிய மெயிலாக எழுதுங்கள். இணைப்புகளைத் தனியாகச் சேர்க்கவும் மறக்காதீர்கள். ரிப்ளை போட்டால் பழைய கோப்புகள் கூடவே போகாது, ஃபார்வர்டு செய்தால்தான் போகும். ஒரே கோப்புக்கு மூன்று பதிப்பு இருந்தால், கடைசியாக ஒப்புக்கொண்டதை மட்டும் அனுப்புங்கள்.