ஒரு வருடம் முடிந்தது எஸ்ஐபிக்கா, தவணைக்கா?

கேள்வி: நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு ஃபிளெக்ஸி கேப் ஃபண்டில் 18 மாதமாக மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி கட்டுகிறேன், இப்போது மதிப்பு 2 லட்சம். வரி சேமிப்புக்கான இஎல்எஸ்எஸ் ஃபண்டில் மூன்றரை வருடமாக மாதம் 5,000 போகிறது. மகளுக்குப் புதுச்சேரியில் கல்லூரி இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் 1 லட்சம் கட்ட வேண்டும். "ஒரு வருடம் தாண்டிவிட்டது, எக்ஸிட் லோட் கிடையாது. முதலில் எங்கள் புது ஃபண்டுக்கு ஸ்விட்ச் செய்யுங்கள், பணம் வெளியே போகாததால் செலவில்லை. பிறகு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்" என்கிறார் தெரிந்த ஏஜென்ட். செய்யலாமா?

பதில்: ஸ்விட்ச் செய்யாதீர்கள். அவர் சொன்னது இரண்டுமே தவறு. எக்ஸிட் லோட், அதாவது சீக்கிரம் வெளியேறுவதற்குப் பிடிக்கும் கட்டணம், ஒரு ரூபாய்கூட இல்லாமல் கல்லூரிப் பணத்தை எடுக்க உங்களுக்கு வழி இருக்கிறது.

ஒரு வருடக் கணக்கு எஸ்ஐபி தொடங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. ஒவ்வொரு மாதத் தவணையும் தனி முதலீடு, அதற்குத் தனி வயது. நீங்கள் கட்டிய 18 தவணைகளில் முதல் 6 மட்டுமே ஒரு வருடத்தைத் தாண்டியவை. மற்ற 12 தவணைகளும் இன்னும் கட்டணத்துக்கு உட்பட்டவை. பெரும்பாலான பங்கு ஃபண்டுகளில் ஒரு வருடத்துக்குள் விற்றால் 1 சதவீதம் பிடிப்பார்கள். சில ஃபண்டுகளில் 90 நாளோ 30 நாளோதான் காலம். சிலவற்றில் ஒரு வருடத்துக்குள்ளேயே 10 சதவீத யூனிட்டுகளைக் கட்டணமின்றி எடுக்கலாம். உங்கள் ஃபண்டின் விதி அதன் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் இருக்கும். வழக்கமான 1 சதவீதம், ஒரு வருடம் என்றே வைத்துக் கணக்குப் போடுகிறேன். இந்த 1 சதவீதம் லாபத்தின் மேல் அல்ல, விற்கும் மொத்தத் தொகையின் மேல். ஃபண்டு நஷ்டத்தில் இருந்தாலும் பிடிப்பார்கள்.

உங்கள் 2 லட்சத்தில் முதல் 6 தவணையின் இன்றைய மதிப்பு 72,000, மற்ற 12 தவணையின் மதிப்பு 1,28,000 என்று வைத்துக்கொள்வோம். பணம் எடுக்கும்போது முதலில் வாங்கிய யூனிட்டுதான் முதலில் விற்கப்படும். நேரடியாக 1 லட்சம் எடுத்தால் 72,000 சுத்தமாக வந்துவிடும். மீதி 28,000 ரூபாய்க்கு 280 ரூபாய் லோட். அந்த 28,000 ரூபாயில் லாபம் ஒரு 2,400 இருந்தால், 12 மாதத்துக்கு உட்பட்ட லாபம் என்பதால் 20 சதவீத வரி, கிட்டத்தட்ட 480. ஆக, மோசமான வழியில் எடுத்தாலும் 800 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதைத் தவிர்க்க நகையை அடகு வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. வேண்டாம். 28,000 ரூபாயை ஆண்டுக்கு 9 சதவீத வட்டிக்கு மூன்று மாதம் வாங்கினாலே 630 ரூபாய் போய்விடும், பெரிதாக எதுவும் மிஞ்சாது.

இப்போது ஸ்விட்சைப் பார்ப்போம். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராவிட்டாலும், ஸ்விட்ச் என்பது பழைய ஃபண்டை விற்றுப் புதியதை வாங்குவதுதான். ஃபண்டு நிறுவனமும் வருமான வரித் துறையும் அப்படித்தான் பார்க்கின்றன. மொத்தத்தையும் மாற்றினால் 1,28,000 ரூபாய்க்கு 1,280 லோட். அந்த 12 தவணையின் லாபம் 8,000 என்றால், லோட் போக மிஞ்சும் 6,720 ரூபாய்க்குச் செஸ்ஸோடு சேர்த்து ஏறக்குறைய 1,400 வரி.

அதைவிடப் பெரிய இழப்பு, வயது போய்விடுவது. புது ஃபண்டில் 2 லட்சமும் அன்றுதான் பிறந்த யூனிட்டுகள். ஒரு வருடத்தைத் தாண்டி நின்ற உங்கள் 72,000 ரூபாயும் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். அங்கும் இதே விதி இருந்தால், அடுத்த மாதம் 1 லட்சம் எடுக்கும்போது முழுத்தொகைக்கும் 1,000 ரூபாய் லோட் விழும். எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 3,700 ரூபாய் போகும். உங்கள் பணத்தை மாற்றச் சொல்பவர் இந்தக் கணக்கை முதலில் உங்களுக்குக் காட்டியிருக்க வேண்டும்.

சரி, லோட் இல்லாத வழிக்கு வருகிறேன். அது உங்கள் இஎல்எஸ்எஸ்ஸில் இருக்கிறது. இங்கே இருப்பது லாக்-இன். எக்ஸிட் லோட் கட்டினால் பணம் வெளியே வரும். லாக்-இன்னில் எவ்வளவு கட்டினாலும் வராது, ஸ்விட்சும் செய்ய முடியாது, அடமானம் வைத்துக் கடனும் வாங்க முடியாது. 3 வருடம் முடியும்வரை பூட்டுதான். அந்த 3 வருடமும் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனி. மூன்றரை வருடமாகக் கட்டுவதால் உங்களுடைய முதல் 6 தவணை திறந்துவிட்டது. இந்த மாதம் கட்டிய 5,000 இன்றிலிருந்து 3 வருடம் கழித்துத்தான் திறக்கும்.

திறந்த அந்த 30,000 ரூபாய் முதலீடு இன்று 42,000 ஆகியிருந்தால், அதிலிருந்து 28,000 எடுங்கள். பூட்டு முடிந்த யூனிட்டுக்கு எக்ஸிட் லோட் இல்லை, முன்பு 80சி பிரிவில் பெற்ற வரிச் சலுகையும் திரும்பப் போகாது. ஃபிளெக்ஸி கேப்பிலிருந்து 72,000 மட்டும் எடுங்கள். இரண்டிலும் வருவது 12 மாதம் தாண்டிய நீண்ட கால லாபம். ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை அதற்கு வரி கிடையாது. வேறு பங்கு, ஃபண்டு எதையும் இந்த வருடம் பெரிய லாபத்தில் விற்காதவரை உங்களுக்கு வரியும் இல்லை.

எடுப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். வயது கணக்கிடுவது வங்கியிலிருந்து பணம் போன நாளை வைத்து அல்ல, யூனிட் ஒதுக்கப்பட்ட நாளை வைத்து. 5ஆம் தேதி பிடித்த பணத்துக்கு 6ஆம் தேதியோ, இடையில் விடுமுறை வந்தால் 8ஆம் தேதியோகூட யூனிட் வந்திருக்கும். ஒரு வருடம் முடிகிற அதே நாளில் விற்றுக் கட்டணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் தள்ளியே விண்ணப்பியுங்கள். ஃபண்டு நிறுவனங்களுக்காகக் கணக்கைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் அனுப்பும் கணக்கு அறிக்கையில் ஒவ்வொரு தவணையின் தேதியும் யூனிட் எண்ணிக்கையும் இருக்கும். முதல் 6 தவணையின் யூனிட்டுகளைக் கூட்டி, படிவத்தில் அந்த எண்ணிக்கையை எழுதுங்கள். ரூபாயில் எழுதினால், யூனிட்டின் அன்றைய விலையான என்ஏவி குறைந்திருக்கும்போது ஏழாவது தவணையிலும் கொஞ்சம் விற்றுவிடும். இணையத்தில் சிரமமாக இருந்தால் புதுச்சேரியில் இருவருக்கும் சேவை மையம் உண்டு. பணம் வங்கிக்கு வர இரண்டு, மூன்று வேலை நாள் ஆகும் என்பதால் கல்லூரி சொன்ன கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

நம் கடலோர ஊர்களில் நவம்பர், டிசம்பர் புயல் மாதங்கள். கூரையோ கடை மெஷினோ போனால் மறுநாளே பணம் வேண்டும், அதற்கு இஎல்எஸ்எஸ் உதவாது. அந்த அவசரப் பணத்தை லிக்விட் ஃபண்டில் வையுங்கள். அதில் முதல் 6 நாளுக்கு மட்டும் மிகச் சிறிய லோட், 7ஆம் நாளிலிருந்து ஒன்றும் இல்லை.

அப்புறம், அந்தப் புது ஃபண்டு உண்மையிலேயே நல்லது என்று தோன்றினாலும் பழைய யூனிட்டுகளை மாற்ற வேண்டியதில்லை. பழைய ஃபண்டில் எஸ்ஐபியை நிறுத்தி, அடுத்த தவணையிலிருந்து புதியதில் தொடங்குங்கள். எஸ்ஐபியை நிறுத்துவதற்கு எக்ஸிட் லோட் இல்லை. பழையதில் மிஞ்சிய 12 தவணையில் மாதம் ஒன்று ஒரு வருடத்தைத் தாண்டிக்கொண்டே வரும். அடுத்த வருடம் இந்நேரம் எல்லாமே லோட் இல்லாமல் இருக்கும், மாற்றுவதா வேண்டாமா என்று அப்போது முடிவு செய்யலாம்.