நான்கு ஆண்டு தாமதமான திருமணப் பதிவு: தேதியை மாற்றச் சொல்பவர்களிடம் கவனம்

கேள்வி: எங்கள் திருமணம் 2021 ஆவணியில் குரோம்பேட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பதிவு செய்யவில்லை. 2023-இல் மகள் பிறந்தாள். கணவருக்குத் துபாயில் வேலை. எங்களை அழைத்துக்கொள்ளத் திருமணச் சான்றிதழ் கேட்கிறார்கள். கோயிலில் மறுபடி தாலி கட்டிப் புதுத் தேதியில் பதிவு செய்தால் எளிது என்கிறார் இடைத்தரகர். செய்யலாமா? – வாசகி, சென்னை

பதில்: வேண்டாம். நடந்த திருமணத்தை நடந்த தேதியிலேயே பதிவு செய்ய உங்களுக்கு வழி இருக்கிறது.

தரகர் சொல்வதற்குக் காரணம், 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம். அதன்படி திருமணமான 90 நாட்களுக்குள்ளும், தவறினால் கூடுதல் கட்டணத்துடன் அடுத்த 60 நாட்களுக்குள்ளும் பதிவு செய்ய வேண்டும். உங்கள் கெடு 2022 தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. புதுத் தேதி காட்டினால் கெடுவுக்குள் வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் அந்தச் சான்றிதழில் திருமணத் தேதி, மகளின் பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதிக்குப் பின்னால் போய் நிற்கும். கணவர் தம் அலுவலகத்திலோ காப்பீட்டு நிறுவனத்திலோ 2021 என்று எழுதிக் கொடுத்த படிவம் ஒன்று இருந்தாலும், இரண்டையும் ஒப்பிடும் விசா அதிகாரிக்கு எது பொய் என்ற கேள்வி எழும். பதிவு அலுவலகத்தில் பொய்த் தேதி கொடுப்பதும் குற்றமே.

இருவரும் இந்துக்கள் என்றால், 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்கீழ் பதிவு செய்யலாம். அங்கே 150 நாள் கெடு கிடையாது. பதிவு செய்யாததால் திருமணம் செல்லாமல் போகாது என்பதும் அதே பிரிவில் உள்ளது. tnreginet.gov.in தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, மண்டபம் எந்தச் சார்பதிவாளர் அலுவலக எல்லையில் வருகிறது என்று பார்த்து, அங்கே நாள் குறித்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழ், திருமணப் புகைப்படங்கள், வயது மற்றும் முகவரிச் சான்றுகள், திருமணத்தில் கலந்துகொண்ட சாட்சிகள் ஆகியவை தேவை. இருவரும் நேரில் வர வேண்டும். எனவே கணவரின் விடுமுறையையொட்டித் திட்டமிடுங்கள். இருவரும் வேறு வேறு மதத்தவர் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுதான் வழி. அதற்கு விண்ணப்பிக்கும் முன் 30 நாட்கள் அந்த மாவட்டத்தில் இருவரும் வசித்திருக்க வேண்டும். பிறகு ஆட்சேபணைக்காக 30 நாள் அறிவிப்பு ஒட்டப்படும். ஒரு மாத விடுமுறையில் அது முடியாது.

பெயரில்தான் பலர் சறுக்குகிறார்கள். அழைப்பிதழில் ‘திவ்யா’, ஆதாரில் ‘எஸ். திவ்யபாரதி’, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து ‘திவ்யபாரதி செல்வராஜ்’ என்று ஒரே பெண் மூன்று பேராக நிற்பது நம் ஊரில் சாதாரணம். சான்றிதழ் விசாவுக்குத்தான் என்பதால், விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளை அப்படியே எழுதுங்கள். கையெழுத்திடும் முன் அச்சுப் பிரதியைப் பாஸ்போர்ட்டுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவான பின் திருத்துவது பெரும்பாடு. அமீரகத்திற்கு வெறும் சான்றிதழ் போதாது: மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், அமீரகத் தூதரகத்தின் சான்றொப்பம் என வரிசையாகப் பெற்று, கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகத்திலும் பெற வேண்டும். பதிவு தாமதம் ஏன் என்று யாரேனும் கேட்டால், பழைய அழைப்பிதழும் மண்டப ரசீதும் கையில் இருப்பது நல்லது. சான்றிதழ் வந்துவிட்டது என்று அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சான்றிதழ் கையில் வந்தவுடன் கணவரின் ஆயுள் காப்பீட்டையும் வருங்கால வைப்பு நிதியையும் எடுத்துப் பாருங்கள். திருமணத்துக்கு முன் எடுத்த பாலிசிகளில் நாமினியாகத் தாயின் பெயர் இருப்பது வழக்கம். திருமணச் சான்றிதழ் நீங்கள் மனைவி என்பதை நிரூபிக்குமே தவிர, நாமினியை மாற்றாது. அதைக் கணவர்தான் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். அவர் மாற்றாமலே அசம்பாவிதம் நேர்ந்தால், நிறுவனம் முதலில் நாமினியாக இருக்கும் தாயிடம்தான் பணத்தைக் கொடுக்கும். உங்கள் பங்குக்கு நீங்கள் நீதிமன்றம் போக நேரிடலாம். நாமினியே இல்லாத பாலிசியில் மனைவி வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அங்கே விசாரணையில் கணவர் வீட்டார் யாராவது மறுத்துப் பேசினால், அப்போது பதிவுச் சான்றிதழைவிட நேரடியான சான்று வேறு இருக்காது. கணவரின் நிறுவனம் தரும் குழு மருத்துவக் காப்பீட்டில் மனைவியைச் சேர்ப்பதற்கும் இதே சான்றிதழைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். திருமணமானவுடன் குறுகிய காலத்திற்குள் சேர்க்காவிட்டால், அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்கச் சொல்வது வழக்கம் என்பதால், புதுப்பிக்கும் தேதியை மனிதவளப் பிரிவில் கணவர் இப்போதே கேட்டு வைக்கட்டும்.